Chung, Jung, Zheng எல்லாம் ஒரே பெயரா? சீன, கொரியப் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர் பார்க்கிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள், சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று ஆளாளுக்கு வந்து கேட்பது சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இவங்க பேர்ல முதல்ல வர்றது பேரா, குடும்பப் பேரா?

குடும்பப் பெயர். பெரும்பாலும் ஒரே ஓர் அசை. அதற்குப் பிறகு வருவது அவருடைய சொந்தப் பெயர். சீனாவில் அது ஓர் அசையாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும். கொரியாவில் இரண்டுதான் வழக்கம். ஹூண்டாயை நிறுவியவர் Chung Ju-yung என்றால் Chung குடும்பப் பெயர், Ju-yung மொத்தமும் சேர்ந்து ஒரே பெயர். Ju முதல் பெயர், yung நடுப்பெயர் என்று பிரிக்கவே கூடாது. நம் ஊர் படிவங்களில் இந்தத் தப்பு தினமும் நடக்கிறது.

வெளிநாட்டோடு புழங்கும்போது சிலர் வரிசையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். Chung Ju-yung பேரன், இப்போதைய ஹூண்டாய் மோட்டார் குழுமத் தலைவர், ஆங்கிலத்தில் Euisun Chung என்று எழுதுகிறார். குழப்பம் வந்தால் ஓரசையாக இருப்பதைக் குடும்பப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். ஓரசைச் சொந்தப் பெயர் வைத்திருக்கும் சீனர் வந்தால் மட்டும் இந்த வழி கைகொடுக்காது.

பேரோட அர்த்தம் எழுத்துலதான் இருக்குன்னு சொல்றாங்களே, காதால கேட்டா புரியாதா?

புரியாது. சீனத்தில் ஓர் எழுத்து என்பது ஓர் அசை, கூடவே ஒரு பொருள். ஆனால் ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் உண்டு. Wei என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 伟 என்று எழுதினால் பெருமை, மகத்துவம். 威 என்றால் கம்பீரம். 薇 ஒரு செடியின் பெயர், பெண்களுக்கு வைப்பது. 卫 என்றால் காவல். பேச்சில் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கொஞ்சம் பிரிக்கலாம், ஆனால் 威, 薇 இரண்டுக்கும் அந்த ஏற்ற இறக்கமும் ஒன்றே. ரோமன் எழுத்தில் போட்டதும் அதுவும் போய்விடுகிறது, நான்கும் வெறும் Wei.

அதனால்தான் சீனர்கள் அறிமுகம் செய்துகொள்ளும்போது எழுத்தை உடைத்துச் சொல்வார்கள். Zhang என்று இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. 张 ஆக இருந்தால் "வில், நீளம் சேர்ந்த Zhang" என்பார்கள், ஏனென்றால் அந்த எழுத்தின் இடப்பக்கம் வில்லும் வலப்பக்கம் நீளம் என்ற எழுத்தும் இருக்கின்றன. 章 ஆக இருந்தால் "நில், காலை சேர்ந்த Zhang". சொந்தப் பெயருக்கு, அந்த எழுத்து வருகிற பழகிய சொல் ஒன்றைச் சொல்வார்கள். தொலைபேசியில் பெயர் சொல்வதும் இப்படித்தான்.

கொரியாவுல இப்ப சீன எழுத்தே யாரும் எழுதறதில்லையே, அப்புறம் அர்த்தம் எங்கேருந்து வருது?

அன்றாட எழுத்து ஹங்குல்தான், அது நம்முடையது போல ஒலியை எழுதுகிற எழுத்து. ஆனால் தென்கொரியாவில் குழந்தையின் பிறப்பைப் பதியும்போது ஹங்குல் பெயருக்குப் பக்கத்தில் அதற்குரிய சீன எழுத்தையும் பதியலாம், பெரும்பாலான குடும்பங்கள் பதிகின்றன. அந்த எழுத்துக்கு ஹான்ஜா என்று பெயர். ஒருவர் தன் பெயரை நாள் முழுவதும் ஹங்குலில் எழுதினாலும், கேட்டால் தன் ஹான்ஜா எதுவென்று சொல்லிவிடுவார்.

சொல்கிற விதமும் அழகானது. கொரியர்கள் ஹான்ஜாவைப் பொருளும் ஒலியுமாகச் சேர்த்தே கூப்பிடுவார்கள். Hyun என்ற அசைக்கு 賢 என்றால் "நற்பண்புள்ள ஹியோன்", 顯 என்றால் "வெளிப்படுகிற ஹியோன்". ஒரே ஹங்குல் எழுத்து, உள்ளே வேறு வேறு பெயர்கள். பக்கத்து வீட்டுப் பையனும் உங்கள் பையனும் ஒரே பெயர் என்று ஊரே நினைக்கும், இரண்டு அம்மாக்களும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

ஹான்ஜாவே இல்லாத பெயர்களும் இருக்கின்றன. Haneul என்றால் வானம், Iseul என்றால் பனித்துளி, Areum என்றால் அழகு. இவை தூய கொரியச் சொற்கள், இங்கே பொருள் ஒலியிலேயே இருக்கிறது, பதிவேட்டில் ஹான்ஜா இடம் காலியாக இருக்கும்.

அப்போ எந்த எழுத்தை வேணும்னாலும் பேரா வைக்கலாமா?

தென்கொரியாவில் முடியாது. பெயருக்குப் பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 1991இல் அது வந்தபோது மூவாயிரம் எழுத்துகளுக்கும் குறைவு. "என் அப்பா தேர்ந்தெடுத்த எழுத்து இதில் இல்லையே" என்கிற மாதிரி புகார்கள் வர வர நீட்டிக்கொண்டே போனார்கள், 2015இல் அது எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

சீனாவில் சிக்கல் வேறு மாதிரி, கணினி வழியாக வந்தது. 1980இல் வந்த GB 2312 என்ற எழுத்துத் தரத்தில் 6,763 சீன எழுத்துகள்தான் இருந்தன. 1998இல் பிரதமரான Zhu Rongji பெயரின் நடு எழுத்து 镕 அதில் இல்லை. உலோகத்தை உருக்குவது என்று பொருள். பிரதமரின் பெயரையே அச்சடிக்க முடியாமல், பக்கத்தில் நெருப்பு போட்ட 熔 என்ற எழுத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். பிரதமருக்கே இந்தக் கதி என்றால் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் அகராதியில் தேடிப்பிடித்து வைத்த பெயர்களை நினைத்துப் பாருங்கள், வங்கிக் கணக்கில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து. 2023 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த புதிய தரத்தில் எண்பத்தேழாயிரத்துக்கும் மேல் எழுத்துகள் இருக்கின்றன. பழைய கணினிகள் எல்லாம் மாறும்வரை தொல்லை இருக்கத்தான் செய்யும்.

அண்ணன் தம்பி பேரெல்லாம் பாதி ஒரே மாதிரி இருக்கே, இது என்ன கணக்கு?

தலைமுறை எழுத்து. ஒரே தலைமுறையில் பிறந்தவர்கள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் உட்பட, பெயரில் ஓர் எழுத்தைப் பொதுவாக வைத்துக்கொள்வார்கள். அடுத்தடுத்த தலைமுறைக்கு எந்த எழுத்து என்பது முன்னோர்கள் முன்கூட்டியே தீர்மானித்து வம்சாவளிப் புத்தகத்தில் எழுதிவைத்தது. சீனாவில் பல குலங்களில் அது ஒரு கவிதையாகவே இருக்கும், தலைமுறைக்கு ஓர் எழுத்தாக வரிசையில் எடுத்துக்கொண்டே போவார்கள்.

நம் சாலைகளில் ஓடும் கார்களின் குடும்பத்தையே பார்ப்போம். நிறுவனர் Chung Ju-yung, எழுத்தில் 鄭周永. தம்பிகள் In-yung, Soon-yung, Se-yung, Sang-yung. எல்லோருக்கும் கடைசியில் 永, நிலைத்திருப்பது என்று பொருள். அடுத்த தலைமுறை Mong-koo, Mong-joon, Mong-hun. இப்போது பொது எழுத்து 夢, கனவு, அது முன்னால் வந்துவிட்டது. தம்பி Se-yung மகன் பெயரும் Mong-gyu, கனவு அவருக்கும் உண்டு. அதற்கடுத்த தலைமுறை Eui-sun, Ki-sun, Il-sun. பொது எழுத்து 宣, திரும்பவும் பின்னால் போய்விட்டது. இப்படி முன்னும் பின்னுமாக மாறி மாறி வருவது கொரிய வழக்கம். ஆக இரண்டு அசையில் ஒன்று குலத்தின் முடிவு, பெற்றோர் கையில் இருப்பது மற்றொன்றுதான். Mong-koo என்பதில் அப்பா தேர்ந்தெடுத்தது 九, ஒன்பது.

பல குலங்கள் பொது எழுத்தை மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து மூலகங்களின் வரிசையில் அமைக்கின்றன. சாம்சங் குடும்பத்தில் Kun-hee தலைமுறையின் 熙 எழுத்துக்குக் கீழே நான்கு புள்ளிகள் தெரிகின்றன அல்லவா, அது நெருப்பு. அவர் மகன் Jae-yong தலைமுறையின் 在 உள்ளே மண் இருக்கிறது. நெருப்பு சாம்பலாகி மண்ணைத் தரும் என்பது கணக்கு.

பெண் பிள்ளைகளைப் பல குடும்பங்களில் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. Eui-sun அக்காமார் மூவர் பெயரிலும் 宣 கிடையாது, அவர்கள் பெயர்கள் எல்லாம் yi என்று முடிகின்றன. Jae-yong தங்கைகள் பெயரிலும் 在 இல்லை. இப்போதைய இளம் பெற்றோர் பலர் ஆண் பிள்ளைகளுக்கும் தலைமுறை எழுத்தை விட்டுவிடுகிறார்கள்.

தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற பழக்கம் அங்கே உண்டா?

இல்லை, சொல்லப்போனால் அது பெரிய மரியாதைக் குறைவு. நமக்குத் தாத்தா பெயர் வைப்பது மரியாதை, அங்கே அவர் பெயரில் உள்ள எழுத்தைக் குழந்தைக்கு வைத்தால் அவரையே பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல ஆகிவிடும். அரசர் பெயர் எழுத்து என்றால் நாடே தவிர்க்க வேண்டும். அதனாலேயே கொரியாவின் ஜோசன் அரசர்கள் பெரும்பாலும் யாரும் பயன்படுத்தாத ஒற்றை எழுத்தாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். ஹங்குலை உருவாக்கிய செஜோங் அரசரின் இயற்பெயர் 祹, சாதாரண எழுத்தில் எங்கும் வராத ஒன்று. குடிமக்களுக்குத் தொல்லை கொடுக்காத பெயர்.

ரெண்டு எழுத்தையும் சேர்த்துப் படிச்சா ஒரு சொல் கிடைக்குமா?

சில சமயம் கிடைக்கும். 1949க்குப் பிறகு சீனாவில் நிறைய பையன்களுக்கு வைத்த Jianguo 建国 என்பது "நாட்டைக் கட்டு" என்று நேரடியாகப் பொருள்படும். ஆனால் பெரும்பாலான பெயர்களில் இரண்டு எழுத்தும் தனித்தனி வாழ்த்து, ஒட்டிப் படிக்கக் கூடாது. தைவானின் முன்னாள் அதிபர் Tsai Ing-wen பெயர் 英文. 英 என்றால் சிறந்தவர், 文 என்றால் எழுத்து, கல்வி, பண்பாடு. இரண்டையும் ஒட்டிப் படித்தால் அன்றாடச் சீனத்தில் "ஆங்கில மொழி" என்று அர்த்தம்! யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு வகையும் உண்டு, பொருளைவிட எழுத்தின் உள்ளே இருக்கும் உறுப்புக்காக வைப்பது. ஜாதகம் பார்த்துக் குழந்தைக்கு நீர் குறைவு என்றால் நீர் மூன்று அடுக்கிய 淼, உலோகம் குறைவு என்றால் மூன்று பொன் அடுக்கிய 鑫. இதற்கென்றே பெயர் வைத்துத் தரும் கடைகள் இரண்டு நாட்டிலும் இருக்கின்றன, கோடுகளை எண்ணிப் பலன் சொல்வார்கள். நம் ஊர் எண்கணித நிலையங்களுக்கு அண்ணன் முறை.

Chung, Jung, Jeong மூணும் வேற வேற பேரா?

கொரியாவில் மூன்றும் ஒரே அசை, 정. ஹூண்டாய் குடும்பத்தின் Chung, BTS குழுவில் J-Hope என்று அறியப்படும் Jung Hoseok, அரசாங்க முறைப்படி எழுதினால் வருகிற Jeong, எல்லாம் இதுதான். அந்த இருவருக்கும் எழுத்தும் ஒன்றே, 鄭. ஸ்பெல்லிங் மட்டும் ஆளுக்கொன்று.

சிக்கல் அந்த உயிரொலியில் இருக்கிறது. ஒ-வுக்கும் அ-வுக்கும் நடுவில் வாயைத் திறந்து சொல்லும் ஒலி, ரோமனில் அதற்கென்று எழுத்தில்லை. 1930களின் இறுதியில் மெக்கூன், ரைஷாவர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் செய்த முறையில் மேலே குறியிட்ட ஒரு o: Chŏng. தட்டச்சில் குறி விழாது, அதனால் Chong. ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதுக்கு sung என்ற சொல்லின் u மாதிரி இருப்பதால் Jung, Chung. தென்கொரியா 2000 ஜூலையில் கொண்டுவந்த புதிய முறையில் குறியே வேண்டாமென்று eo: Jeong. வடகொரியாவில் Jong, Kim Jong Un பெயரின் நடு அசை இதே 정தான்.

இந்த u போய் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டதால், உண்மையான "ஊ" ஒலிக்கு oo போட வேண்டியதாயிற்று. Moon, Joon, Soo எல்லாம் அப்படி வந்தவை. ஆக கொரியப் பெயரில் Sun என்று பார்த்தால் "சன்" அல்லது "சொன்" மாதிரி, Soon என்று பார்த்தால் "சூன்" என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது.

Kim ஏன் சில இடத்துல Gim? Park-ல அந்த r எங்கேருந்து வந்துச்சு?

தமிழ் படித்தவருக்கு இது சட்டென்று புரிய வேண்டும். நமக்கு ஒரே ஒரு க. சொல்லின் தொடக்கத்தில் ஓர் ஒலி, "அங்கே" என்னும்போது இன்னோர் ஒலி, எழுத்து மாறாது. கொரிய ㄱ அப்படியே. தொடக்கத்தில் k பக்கம் சாயும், இரண்டு உயிருக்கு நடுவே g ஆகிவிடும், கொரியருக்கு இரண்டும் ஒன்றே. பழைய அமெரிக்க முறை காதில் விழுந்ததை எழுதியது: தொடக்கத்தில் K, நடுவில் g. புதிய முறை எழுத்தைப் பின்பற்றி g போடுகிறது, ஆகவே Gim. பூசான் நகரம் Pusan ஆக இருந்து Busan ஆனதும் இதே காரணம்தான்.

Park என்பதில் r ஒலியே கிடையாது, பெயர் 박, "பாக்" மாதிரி. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் r உச்சரிக்காமல் நீளும் "ஆ" வருமே, அதைக் காட்டப் போட்டது. இன்னொரு வேடிக்கை Lee. தென்கொரிய உச்சரிப்பு வெறும் "ஈ". புதிய முறைப்படி ஒற்றை எழுத்து I என்று எழுத வேண்டும், யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? முதல் அதிபர் Syngman Rhee, பிற்கால அதிபர் Lee Myung-bak, 16ஆம் நூற்றாண்டுக் கடற்படைத் தளபதி Yi Sun-sin, மூவர் குடும்பப் பெயரும் 李. வடக்கில் தொடக்க ஒலி விழாமல் நிற்பதால் அங்கே Ri.

அரசாங்கமே ஒரு முறை வச்சிருந்தா எல்லாரும் அதையே எழுதலாமே?

தென்கொரியாவில் அந்த முறையே, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் ஆள் பெயர்களையும் கம்பெனிப் பெயர்களையும் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று இடம் கொடுத்துவிட்டது. ஊர்ப் பெயர்ப் பலகைகள் மாறின, மனிதர்கள் மாறவில்லை. கடவுச்சீட்டில் ஒருமுறை போட்டதைப் பிறகு மாற்றுவதும் எளிதல்ல. அப்பா Chung என்றால் பிள்ளை Jeong ஆக முடியுமா, விமான நிலையத்தில் யார் பதில் சொல்வது? அதனால் குடும்பப் பெயர் ஸ்பெல்லிங் பரம்பரையாக ஒட்டிக்கொள்ளும், சொந்தப் பெயர் அவரவர் விருப்பம். சாம்சங்கின் Jae-yong, அவர் பெரியப்பா மகன், CJ குழுமத் தலைவர் Jay-hyun, இருவருக்கும் முதல் அசை அதே 在.

சீன மக்கள் குடியரசில் இந்தச் சுதந்திரம் இல்லை, எழுத்து எதுவோ அதற்கான பின்யின், அதாவது அரசாங்க ரோமன் ஸ்பெல்லிங், கடவுச்சீட்டில் ஏறும். அங்கேயும் ஓர் ஓட்டை உண்டு. பின்யினில் ü என்று புள்ளி வைத்த u இருக்கிறது. 吕 என்ற குடும்பப் பெயர் அதன்படி Lü. கடவுச்சீட்டில் புள்ளி போட முடியாது என்று முன்பு சிலருக்கு LU, சிலருக்கு LV. 2012இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி LYU. பழைய சான்றிதழில் ஒன்று, புதிய கடவுச்சீட்டில் ஒன்று என்று தவிப்பவர்கள் நிறைய.

மா சே துங் சரியா, இல்ல இப்ப எழுதற Mao Zedong சரியா?

இரண்டும் ஒரே ஒலியை எழுத நடந்த இரண்டு முயற்சிகள். Mao Tse-tung என்பது வேட், ஜைல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் தூதரக அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய முறை. Zedong என்பது 1958இல் சீனா ஏற்ற பின்யின். 1979 ஜனவரி முதல் அவர்களுடைய வெளிநாட்டுச் செய்திகளும் அதற்கு மாறின. நம் எழுத்தாளர்கள் அதற்கு முன்பே பழைய முறையைப் படித்துத் தமிழாக்கிவிட்டதால் மா சே துங் நிலைத்துவிட்டது.

இதில் தமிழுக்கு ஓர் ஆதாயம். பின்யினின் d, b, g எல்லாம் ஆங்கில d, b, g அல்ல. மூச்சு வெளியே தள்ளாத, நம் "துணி", "பல்", "கல்" சொற்களின் தொடக்க ஒலி மாதிரி. t, p, k எழுதினால் பலமாக மூச்சு விட வேண்டும். ஆகவே "துங்" மோசமில்லை, ஆங்கிலத்தைப் பார்த்து "டோங்" என்பதைவிடக் கிட்டத்தில்தான் இருக்கிறது. வேட்-ஜைல்ஸ் மூச்சொலிக்கு மேற்கோள் குறி போட்டுக் காட்டியது: Chang ஒரு பெயர், Ch'ang வேறொரு பெயர். செய்தித்தாள்கள் அந்தக் குறியைச் சோம்பலில் விட்டுவிட, இரண்டு பெயர்களும் ஒன்றாகிப் போயின. பின்யினில் அவை Zhang, Chang.

சிங்கப்பூர்ல Tan, Lim, Ng-ன்னு இருக்கே, இதெல்லாம் பின்யின்ல காணோமே?

பின்யின் எழுதிக்காட்டுவது பொதுச் சீன மொழியான மாண்டரினை, அவர்கள் குடும்பத்தில் பேசிய மொழி அது இல்லை, அதனால்தான். எழுத்து சீனா முழுக்க ஒன்று, வாசிக்கும் ஒலி வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. 陳 என்பதை மாண்டரினில் Chen, ஹாங்காங் கான்டனீஸில் Chan, சிங்கப்பூர் ஹொக்கியெனில் Tan. 林 என்பது Lin, Lam, Lim. கப்பலில் வந்து இறங்கியவர் சொன்னதைக் காலனிய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், அதுவே குடும்பப் பெயர் ஸ்பெல்லிங் ஆனது. இதில் பெரிய பொறி Ng. கான்டனீஸ்காரர் என்றால் அது 吳, தியோச்சு அல்லது ஹொக்கியென்காரர் என்றால் 黃. ரோமனில் ஒன்று, உண்மையில் இரண்டு வேறு குலங்கள்.

முன்பு பார்த்த 鄭 இங்கேயும் இருக்கிறது, சிங்கப்பூரில் Tay. மாண்டரினில் Zheng, பழைய முறையில் Cheng. 15ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த கடற்படைத் தலைவர் Zheng He-யின் எழுத்தும் இதே. 1409ஆம் ஆண்டு தேதியிட்டு அவர் காலி நகரில் வைத்த கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பழைய நூல்களில் அவர் Cheng Ho, தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஆனால் எழுத்து ஒன்று என்பதால் ஹூண்டாய்க்காரர்களுக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், அவர் பிறந்த குடும்பத்தின் பெயரே Ma. Zheng என்பது பேரரசர் கொடுத்தது.

ஸ்பெல்லிங்கை வச்சு அர்த்தம் சொல்ற வலைத்தளங்களை நம்பலாமா?

நம்பாதீர்கள். Ji-hyun என்று கொடுத்தால் அது அதிகம் புழங்கும் ஒரு ஜோடியை எடுத்துத் தரும், அவ்வளவுதான். மூன்றாவது பதிலில் சொன்னதுபோல அந்த ஒலிக்குள் வேறு எழுத்துகள் இருக்கலாம், தூய கொரியப் பெயராகவும் இருக்கலாம்.

நாடுகளின் ஊடகங்களே இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 2009இல் வடகொரிய வாரிசு பற்றிச் செய்திகள் கசிந்தபோது அவர் பெயர் 정운 என்று தென்கொரியாவிலேயே எழுதினார்கள், ஹான்ஜாவில் 正雲, இரண்டாவது எழுத்து மேகம். தகவல் ஜப்பானிய வழியாக வந்திருந்தது. கொரிய 운, 은 என்ற இரண்டு ஒலிகளும் ஜப்பானிய எழுத்தில் ஒரே மாதிரிதான் வரும். பிறகு அது 정은 என்று திருத்தப்பட்டது. வடக்கில் ஹான்ஜா எழுதுவதே இல்லை, ஆனால் சீனப் பத்திரிகைக்கு எழுத்து ஒன்று வேண்டுமே. 银, வெள்ளி என்று ஊகித்துப் போட்டார்கள். 2010இல்தான் 恩, அருள் என்று சரியானது. மேகம், வெள்ளி, அருள்: ஒரே ஆள், ரோமனில் மாற்றம் பார்த்தால் ஓர் உயிரெழுத்துக்குள் அடங்கிவிடும்.

ரெண்டு ஆவணத்துல ஸ்பெல்லிங் வேற வேறயா இருக்கு, ஒரே ஆளான்னு எப்படிப் பார்க்கறது?

முதலில் இடைவெளி, கோடு, பெரிய எழுத்து மூன்றையும் மறந்துவிடுங்கள். Min Ho, Min-ho, Minho ஒன்றே. அடுத்து குடும்பப் பெயர் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அசை அசையாக ஒப்பிடுங்கள்: eo, u, o தங்களுக்குள் மாறலாம், oo, u மாறலாம், g-k, b-p, d-t, j-ch மாறலாம். Chung Young-soo, Jeong Yeongsu இரண்டும் ஒரே பெயராக இருக்க முழு வாய்ப்பு உண்டு. Jung Min-ho, Jung Min-woo என்றால் வேறு ஆள், ho-வும் woo-வும் எந்த முறையிலும் ஒன்றாகாது.

ஆனால் "ஒரே பெயராக இருக்கலாம்" என்பது "ஒரே ஆள்" ஆகாது. அதற்கு ஹங்குலிலோ சீன எழுத்திலோ பெயரை எழுதித் தரச் சொல்லி, பிறந்த தேதியோடு சேர்த்துப் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நம் ஆட்கள் அவர்கள் பெயரை மூன்று விதமாக எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருப்பார்கள். டிக்கெட்டு, விசா, வங்கி எதுவானாலும் கடவுச்சீட்டில் எப்படியோ அப்படியே எழுதுங்கள், இலக்கணப்படி சரியான ஸ்பெல்லிங் எது என்று நீங்களாகத் திருத்தப் போகாதீர்கள்.

தமிழ்ல எழுதறப்போ எதைப் பார்த்து எழுதறது?

ரோமனைப் பார்த்து எழுதாமல் ஒலியைக் கேட்டு எழுதுங்கள். Park என்பதை "பார்க்" என்று எழுதிப் பழகிவிட்டோம், "பாக்" என்றால் கிட்டத்தில் வரும். பின்யினில் x என்பது "ஷி" பக்கம், q என்பது மூச்சோடு கூடிய "ச்சி", zh என்பது "ஜ" பக்கம், c என்பது "ட்ஸ". Xi Jinping-ஐ "க்ஸி" என்று எழுதுவது இதைக் கவனிக்காததால் வருவது. மா சே துங், சூ என் லாய் மாதிரி ஊன்றிப்போன பெயர்களை நான் மாற்ற மாட்டேன், மாற்றினால் படிப்பவர் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்வார். புதிய பெயர் என்றால் முதல் தடவை வரும்போது பக்கத்தில் அவருடைய ரோமன் ஸ்பெல்லிங்கையும், கிடைத்தால் சீன எழுத்தையோ ஹங்குலையோ போட்டுவிடுங்கள். அப்புறம் தமிழில் எப்படி எழுதினாலும் தேடுகிறவர் ஆளைப் பிடித்துவிடுவார்.